அரவையைத் திருப்பும் முன் தராசைப் பாருங்கள்

கேள்வி: நுவரெலியாவில் சின்ன கஃபே ஒன்று நடத்துகிறோம். இரண்டு குரூப் உள்ள மெஷின், செக்கன் கணக்கில் அரைத்துக் கொட்டும் கிரைண்டர், மூன்று பரிஸ்டாக்கள். காலையில் எஸ்பிரெசோ நன்றாக இருக்கிறது, மத்தியானம் தாண்டினால் மெலிந்து புளிக்கிறது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் சொட்டுச் சொட்டாக வடிகிறது. ஒவ்வொருவரும் மற்றவர்தான் கிரைண்டரைக் குழப்பிவிட்டார் என்கிறார்கள். யார் போட்டாலும் ஒரே மாதிரி வர என்ன செய்யலாம்?

பதில்:

மூன்று பேரில் யாரும் வேண்டுமென்று குழப்பவில்லை. நீங்கள் சொல்லும் வரிசை, அதாவது மத்தியானம் வேகமாக ஓடி மறுநாள் காலையில் அடைத்துக்கொள்வது, செக்கன் கணக்கில் அரைக்கும் கிரைண்டர் உள்ள கடைகளில் அடிக்கடி நடப்பது. அந்தக் கிரைண்டருக்கு எடை தெரியாது. 6 செக்கன் என்று வைத்தால் 6 செக்கன் சுற்றி நிற்கும், அவ்வளவுதான். அந்த 6 செக்கனில் 18 கிராம் விழுந்ததா 17 கிராம் விழுந்ததா என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் கடையில் நடந்திருக்கக்கூடியதை ஒரு நாள் கணக்காகப் பார்ப்போம். காலையில் ஹொப்பர் நிறையக் கொட்டை இருக்கிறது. 6 செக்கனில் 18 கிராம் விழுகிறது, 28 செக்கனில் கோப்பையில் 36 கிராம் இறங்குகிறது, ருசியும் சரி. மத்தியானக் கூட்டம் முடியும்போது ஹொப்பரின் அடியில் ஒரு பிடி கொட்டைதான் மிச்சம். மேலிருந்து அழுத்தும் பாரம் குறைந்ததால் கொட்டைகள் அரைக்கும் தட்டுகளுக்குள் சீராக இறங்காமல் துள்ளுகின்றன. அதே 6 செக்கனில் இப்போது 17 கிராம்தான் விழுகிறது. பாஸ்கட்டில் உள்ள கோப்பி வில்லை மெலிந்துவிட்டதால் தண்ணீருக்குத் தடை குறைவு. 22 செக்கனில் கோப்பை நிறைகிறது, புளிக்கிறது.

இங்கே பின்னேர ஷிப்ட் பரிஸ்டா செய்வது, யாரும் செய்யக்கூடியதுதான்: அரவையை ஒரு படி நைசாக்குகிறார். கிரைண்டரின் வாயிலும் தட்டுகளுக்கு நடுவிலும் பழைய அரவையில் சில கிராம் தங்கியிருக்கும், அடுத்த ஷொட்டில் அது கலந்து வரும். அதனால் நேரம் பெரிதாக மாறாது. "போதவில்லை" என்று இன்னொரு படி நைசாக்குகிறார். நைசாக்க நைசாக்க, ஒரு செக்கனுக்கு விழும் தூளின் அளவு மேலும் குறையும், தட்டுகளின் இடைவெளி சுருங்குவதால் இது தவிர்க்க முடியாதது. கடைசியில் 16.4 கிராம் தூளில் 26 செக்கன் ஓடும் ஒரு ஷொட் கிடைக்கிறது. நேரத்தை மட்டும் பார்த்தால் சரியாகிவிட்டது போலத் தெரியும். குடித்தால் வாயில் கனம் இல்லாமல், முடிவில் நாக்கை வறட்டும் கசப்போடு இருக்கும்.

மறுநாள் காலை ஷிப்ட் ஆள் ஹொப்பரை நிரப்புகிறார், தராசில் வைத்து 18 கிராம் வரும்வரை அரைக்கிறார். அரவையோ நேற்றிரவு இருந்ததைப் போல இரண்டு படி நைஸ். 40 செக்கன் தாண்டியும் சொட்டுகிறது. அவர் பருமனாக்குகிறார். இப்படியே தினமும் சுற்றுகிறது. முதல் நாள் மத்தியானம் 17 கிராம் என்று யாராவது தராசில் பார்த்திருந்தால், செய்ய வேண்டியது ஹொப்பரில் கொட்டை போடுவது மட்டும்தான். அரவையில் தவறே இருக்கவில்லை.

ஆகவே கடையில் ஒரே வரிசை இருக்க வேண்டும்: முதலில் தூளின் எடை, அடுத்தது கோப்பையில் இறங்கிய எடை, அதற்குப் பிறகுதான் நேரம். முதல் இரண்டும் சரியாக இல்லாதபோது மூன்றாவது எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று கிரைண்டருக்குப் பக்கத்திலும், கோப்பைக்கு அடியில் வைக்கக்கூடிய மெல்லிய தராசு ஒன்று மெஷினிலும் இருக்கட்டும். மெஷினின் அளவு பட்டனை நம்பி விடாதீர்கள். அது குரூப்புக்குள் போகும் தண்ணீரை அளக்கிறது. வில்லை எவ்வளவு உறிஞ்சிக்கொள்கிறது என்பது தூளின் அளவோடு மாறும், அதனால் கோப்பையில் விழுவதும் மாறும்.

18 கிராம் பாஸ்கட்டுக்கு நான் வைக்கச் சொல்லும் எல்லை இது. தூள் 18 கிராம், 0.2 கூடலாம் குறையலாம். கோப்பையில் 36 கிராம், 1 கிராம் கூடலாம் குறையலாம். நேரம் 28 செக்கன், 3 செக்கன் வித்தியாசம் வரை யாரும் டயலைத் தொடக் கூடாது. 26 செக்கனில் வந்த நல்ல ஷொட்டை 28 ஆக்குவதற்காகத் திருப்புபவர்தான் அடுத்த ஒரு மணித்தியாலத்தைக் கெடுப்பவர். எடை இரண்டும் சரியாக இருந்தும், அடுத்தடுத்த இரண்டு ஷொட் ஒரே பக்கமாக எல்லையைத் தாண்டினால் மட்டும் திருப்புங்கள்.

திருப்பும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. டயலில் உள்ள மிகச் சிறிய அளவு மட்டும் நகர்த்த வேண்டும். நைஸ் பக்கம் போகும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும். நின்றிருக்கும்போது இறுக்கினால் தட்டுகளுக்கு நடுவில் உள்ள கொட்டைத் துண்டுகள் சிக்கிக்கொண்டு, டயல் காட்டும் இடம் ஒன்று, தட்டு நிற்கும் இடம் வேறொன்றாகும். பிறகு ஒரு டோஸ் அரைத்து வெளியே தள்ளுங்கள். அரைத்த தூள் இறங்கும் பாதை அகலமான கிரைண்டர் என்றால் இரண்டு டோஸ் கூடத் தேவைப்படலாம். அந்தத் தூளைக் கொட்ட மனம் வராதுதான், ஆனால் அதைக் கொண்டு ஷொட் போட்டால் இரண்டு அரவையின் கலவையை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வீர்கள். இப்போதுதான் டைமரின் முறை: புது அரவையில் 6 செக்கனில் எவ்வளவு விழுகிறது என்று நிறுத்துப் பார்த்து, 18 வரும்படி செக்கனை மாற்றுங்கள். 17.4 விழுந்தால் 6.2 செக்கன். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டால், மேலே சொன்ன சுற்று மறுபடி ஆரம்பிக்கும்.

இனி ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம். கிரைண்டர் சரியாக இருந்தும் மூன்று பேருக்கும் மூன்று விதமாக வருகிறதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கூட்டம் இல்லாத ஒரு நேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் தெரிந்துவிடும். ஒரே கொட்டை, ஒரே டயல், ஒரே குரூப். மூவரும் தலா மூன்று ஷொட். எல்லாருக்கும் தூள் 18.0 கிராம் நிறுத்துக் கொடுங்கள், எல்லாரும் 36 கிராமில் நிறுத்தட்டும். நேரத்தை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு முதலாமவருக்கு 27, 28, 28 வருகிறது. இரண்டாமவருக்கு 28, 22, 31. மூன்றாமவருக்கு 33, 33, 34. பார்த்தவுடன் மூன்றாமவர்தான் பிழை என்று தோன்றும். உண்மையில் அவருடைய கை மிக நிதானமானது, ஏதோ ஒன்று மட்டும் எப்போதும் ஒரே அளவுக்கு வித்தியாசமாக இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் ஒரே நாளில் சரியாகிவிடும். கவனிக்க வேண்டியவர் இரண்டாமவர். 22க்கும் 31க்கும் இடையில் அலைகிற கையை எந்த அரவையாலும் திருத்த முடியாது.

மூன்றாமவரின் விஷயத்தில் முதலில் போர்ட்டாபில்டர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 33 செக்கன் போர்ட்டாபில்டரோடு சேர்ந்து போனால் அதில் உள்ள பாஸ்கட்தான் வேறு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாஸ்கட்டுகள் துளைகளிலும் ஆழத்திலும் வேறுபடலாம், உதிரியாக வாங்கிப் போட்டது கலந்திருக்கலாம், அல்லது ஒன்றின் துளைகளில் பழைய எண்ணெய் அடைத்திருக்கலாம். கடையில் உள்ள எல்லாப் போர்ட்டாபில்டரிலும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு பாஸ்கட் இருக்க வேண்டும். வித்தியாசம் ஆளோடு போனால், அவர் நேரத்தை எங்கிருந்து எண்ணுகிறார் என்று கேளுங்கள். ஒருவர் பட்டனை அழுத்தியதிலிருந்தும் இன்னொருவர் முதல் சொட்டு விழுந்ததிலிருந்தும் எண்ணுவது நிறையக் கடைகளில் நடக்கிறது. இரண்டுக்கும் இடையில் 5, 6 செக்கன் போய்விடும். பட்டனை அழுத்திய நொடியிலிருந்து என்று தீர்மானித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாமவரிடம் பார்க்க வேண்டியது, தூள் பாஸ்கட்டுக்குள் எப்படிக் கிடக்கிறது என்பது. கிரைண்டர் தூளை ஒரு பக்கமாகக் குவித்துக் கொட்டும். அதை அப்படியே அமுக்கினால் குவிந்த பக்கம் இறுகி, மற்றப் பக்கம் தளர்ந்திருக்கும். 9 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர் தளர்ந்த பக்கத்தில் வழி வெட்டிக்கொண்டு ஓடிவிடும். அந்த வழியோரத்துத் தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும், மற்றப் பக்கம் சரியாகக் கரையாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் அது இந்தக் கோளாறுதான், டயலைத் திருப்ப வேண்டாம். அடி திறந்த போர்ட்டாபில்டர் ஒன்று கடையில் இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரு பக்கம் சீக்கிரமே வெளிறி, ஊசி போல் பீச்சியடிக்கும்.

திருத்தம் எளிது. மெல்லிய கம்பிகள் பொருத்திய கிளறியால் தூளை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்து, பிறகு மட்டப்படுத்த வேண்டும். டேம்ப் பண்ணும்போது எவ்வளவு பலம் என்பதில் பலர் கவலைப்படுகிறார்கள். தூள் முழுதாக இறுகிய பிறகு மேலும் அமுக்குவதால் பெரிய மாற்றம் வராது. சாயாமல் மட்டமாக அமுக்குவதுதான் முக்கியம். மூன்று பேரின் உயரமும் வேறு என்றால் டேம்ப் பண்ணும் மேசையின் உயரம் ஒருவருக்குச் சரி, இன்னொருவருக்கு மணிக்கட்டைச் சாய்க்கும். குறிப்பிட்ட அழுத்தத்தில் தானாக நிற்கும், விளிம்பில் உட்கார்ந்து மட்டம் காட்டும் டேம்ப்பர் ஒன்றை வாங்கினால் இந்த இடத்தில் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும். விலை கூடிய கிரைண்டரைப் பற்றி யோசிக்கும் முன் இதை வாங்குங்கள் என்பேன்.

அமுக்கிய பிறகு போர்ட்டாபில்டரைப் பக்கவாட்டில் தட்டக் கூடாது, வில்லை விளிம்பிலிருந்து விலகும். மாட்டியவுடன் பட்டனை அழுத்த வேண்டும். மாட்டிவிட்டுப் பால் காய்ச்சப் போனால் சூடான குரூப்புக்கு அடியில் மேல்படைத் தூள் வெந்துகொண்டிருக்கும்.

உங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். மெஷினுக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் எஸ்பிரெசோவுக்கு இது தடையில்லை. ஆனால் வெப்பநிலையை 94 அல்லது 95 என்று வைத்திருந்தால், குரூப்பிலிருந்து வெறும் தண்ணீரைத் திறந்து விடும்போது சீறிக்கொண்டு ஆவியாக வரும். சூடு கூடிவிட்டது என்று நினைத்துக் குறைக்க வேண்டாம்.

உங்களுடையது ஒரே பொயிலரில் நீராவியும், அதற்குள் போகும் குழாயில் கோப்பிக்கான தண்ணீரும் சூடாகும் வகை மெஷின் என்றால் கதை வேறு. அதன் சூட்டைத் தீர்மானிப்பது பொயிலரின் அழுத்தம். அழுத்தமானி சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளதைத்தான் காட்டும். கொழும்பில் மானி 1.0 பார் காட்டும்போது பொயிலருக்குள் ஏறத்தாழ 120 பாகை. நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே 1.0 பார் என்பது ஏறத்தாழ 117 பாகைதான். கொழும்பில் செட் பண்ணி அனுப்பிய மெஷின் உங்களிடம் சற்றுக் குளிராகவே ஓடும், கோப்பி எப்போதும் புளிப்புப் பக்கம் சாயும். திருத்துநரைக் கொண்டு 1.2 பார் அளவுக்கு உயர்த்தினால் அந்த இழப்பு ஈடாகும். பாதுகாப்பு வால்வு இருப்பதால் இதை நீங்களே கழற்றிச் செய்யாதீர்கள். சென்சர் வைத்து நேரடியாக வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மெஷினுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

விடியற்காலைக் குளிர் இன்னொன்று. இரவு முழுவதும் மேசையில் கிடந்த போர்ட்டாபில்டர் பனிக்கட்டி போலிருக்கும், முதல் சில கோப்பைகளின் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். மெஷினைப் போட்டதிலிருந்தே அதைக் குரூப்பில் மாட்டி வைத்திருக்க வேண்டும், கோப்பைகள் மெஷினின் மேல்தட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் இதே கதைதான். பொயிலர் சூடாகிவிட்டதென்று விளக்கு காட்டும், கனமான குரூப் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வரும் புளிப்பைப் பார்த்து அரவையை நைசாக்கினால், குரூப் சூடான பிறகு எல்லாம் கசக்கும்.

மூடுபனியும் மழையும் உள்ள நாட்களில் கொட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அரைபடும் விதமும் மாறும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று விதி போடாமல் அளந்து பார்த்து நடந்துகொள்வதே நல்லது. ஹொப்பரில் நாள் முழுவதற்குமான கொட்டையைக் கொட்டாதீர்கள். பாதிக்கு மேல் இருப்பது நல்லது, எப்படியும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக விடாமல் சிறிது சிறிதாகச் சேருங்கள். இரவில் மிச்சமுள்ளதைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, ஹொப்பரைத் துடைத்து வையுங்கள். அதில் படியும் எண்ணெய் சிக்குப் பிடித்தால் புதுக் கொட்டையும் பழைய வாசனை அடிக்கும்.

பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்பதும் முக்கியம். ஒரு ஷிப்டில் டயலைத் தொடும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எல்லைக்கு வெளியே போனதைக் கண்டால் அவரிடம் சொல்ல வேண்டும், தாங்களே திருப்பக் கூடாது. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கட்டி வைத்து, நேரம், பெயர், தூள் எடை, கோப்பை எடை, செக்கன், டயல் எண், ருசி பற்றி ஒரு சொல் எழுதுங்கள். கடை திறக்கும்போது, கூட்டத்துக்கு முன், கூட்டத்துக்குப் பின், ஷிப்ட் மாறும்போது எழுதினால் போதும். ஒரு வாரத்துப் பக்கங்களைப் பார்த்தால், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓட்டம் மாறுகிறதா, ஒருவருக்கு மட்டும் மாறுகிறதா என்பது தெரியும். எல்லாருக்கும் மாறினால் கிரைண்டர், கொட்டை, சூடு. ஒருவருக்கு மட்டும் என்றால் கை.

ஷிப்ட் மாறும்போது போகிறவர் ஒரு ஷொட், வருகிறவர் ஒரு ஷொட் போட்டு, இரண்டையும் கலக்கிவிட்டுச் சற்று ஆறவிட்டு இருவரும் குடித்துப் பார்க்கட்டும். எழுதும் சொற்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் "கடுமை" என்பதை இன்னொருவர் "கசப்பு" என்று எழுதினால் கொப்பியால் பயனில்லை. புளிப்பு, கசப்பு, வறட்சி, மெலிவு, சரி என்ற ஐந்து சொற்கள் போதும்.

பால் பானங்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் எவ்வளவு பால் என்று ஜக்கின் உட்புறத்தில் அடையாளம் வையுங்கள், 60 முதல் 65 பாகைக்குள் நிறுத்துங்கள், ஒருமுறை காய்ச்சிய பாலை மறுபடி காய்ச்சாதீர்கள்.

டயல் எண்ணை அடுத்த மாதத்துக்கும் மனப்பாடம் பண்ணி வைக்க வேண்டாம். தட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினால் அதே எண் அதே அரவையைத் தராது. புதுப் பையைத் திறந்தாலும் அப்படித்தான். மலைநாட்டிலேயே வறுத்து மறுநாளே கடைக்கு வரும் கொட்டையில் கரியமில வாயு நிறைய இருக்கும், நுரை பொங்கும், ஓட்டம் ஷொட்டுக்கு ஷொட் மாறும். வறுத்த திகதி எழுதாத பையை வாங்காதீர்கள், அந்தத் திகதியிலிருந்து ஒரு வாரமாவது கழித்துத் திறவுங்கள். புதுப் பையைப் பழைய கொட்டையோடு ஹொப்பரில் கலக்காமல், கூட்டம் இல்லாத நேரத்தில் தனியாகப் போட்டு, 18 கிராம், 36 கிராம் என்று முதலிலிருந்து செட் பண்ணுங்கள். புது டயல் எண்ணையும் டைமர் செக்கனையும் வறுத்த திகதியையும் கொப்பியில் ஒரே வரியில் எழுதி, கீழே கோடு போட்டு விடுங்கள்.